எல்.ஓ.ஏ. வந்த அன்றே வங்கிக்குப் போங்கள்

டெண்டர் கிடைத்த ஒப்பந்தக்காரருக்கு எல்.ஓ.ஏ. எனப்படும் ஏற்புக் கடிதத்தை விளக்கும்போது, நான் முதலில் விரல் வைத்துக் காட்டுவது அதன் தேதியைத்தான். தொகை அவருக்கு ஏற்கெனவே தெரியும். ரயில்வே பணிகளில் வேலையை முடிக்க வேண்டிய காலம் அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. 'அக்ரிமென்ட் இன்னும் போடவில்லையே' என்று பலர் கேட்பார்கள். முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஏற்புக் கடிதமே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று டெண்டர் படிவத்தில் அவர்களே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இன்னொன்று, கடிதத்தில் உள்ள விகிதம், அளவு, காலம் எல்லாம் நீங்கள் கொடுத்த டெண்டரோடு ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். புதிய நிபந்தனை ஏதாவது நுழைந்திருந்தால் உடனே எழுத்து மூலம் கேளுங்கள். ஏற்பு முழுமையாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும் என்பதே 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பேசாமல் வேலையைத் தொடங்கிவிட்டால் அந்த நிபந்தனையை நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் படும்.

அடுத்தது பெர்ஃபார்மன்ஸ் கியாரண்டி. ரயில்வேயின் பொது ஒப்பந்த நிபந்தனைகளின்படி ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதம். கொரோனா காலத்தில் 3 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். ஆகவே பழைய டெண்டரை நினைவில் வைத்துக் கணக்குப் போடாமல், உங்கள் டெண்டர் ஆவணத்தில் உள்ளதைப் பாருங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு கோடி ரூபாய் வேலை, 12 மாதக் காலம், கடிதத் தேதி ஜூலை 1. கட்ட வேண்டியது 20 லட்சம். கெடு 21 நாள், அதாவது ஜூலை 22. அதைத் தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீத அபராத வட்டியோடு, அதிகாரி அனுமதித்தால், 60-ஆம் நாளான ஆகஸ்ட் 30 வரை இழுக்கலாம். அதற்கும் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும், ஈ.எம்.டி. போகும், அதே வேலைக்கான மறுடெண்டரில் கலந்துகொள்ளவும் முடியாது.

இங்கேதான் கெட்டிக்கார ஒப்பந்தக்காரர் ஒரு வாதம் வைப்பார். 20 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 658 ரூபாய். 39 நாளைக்கும் சேர்த்து 26 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பணத்தை வேறு வேலையில் சுழற்றினால் லாபம்தானே? வட்டிக் கணக்கு சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கியாரண்டி கொடுத்த பிறகுதான் ரயில்வே அக்ரிமென்ட் போடும்; அக்ரிமென்ட் இல்லாமல் பில் நகராது. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு மாதம் இப்படிக் கரைகிறது. தமிழ்நாட்டில் மண் வேலை, வடிகால் வேலை என்றால் ஆகஸ்ட், செப்டம்பர் போனபின் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். அந்த இழப்பு 26 ஆயிரத்தில் அடங்காது.

'ஈ.எம்.டி. கட்டியாயிற்று, பில்லிலும் செக்யூரிட்டி டெபாசிட் பிடிக்கிறார்கள், இது எதற்கு மூன்றாவதாக?' என்பதும் நியாயமான கேள்விதான். ஈ.எம்.டி. தனியாக நிற்பதில்லை, செக்யூரிட்டி டெபாசிட்டின் பகுதியாகிவிடுகிறது; மீதி ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் பில்லுக்கு முன்பே வேலையை விட்டுப் போனால் துறையின் கையில் இருப்பது ஈ.எம்.டி. மட்டுமே. அந்த இடைவெளியை மூடுவதுதான் கியாரண்டி. அதனால்தான் வேலை முடிந்து நிறைவுச் சான்றிதழ் கிடைத்ததும் இதைத் திருப்பித் தருகிறார்கள். டெபாசிட்டைப் பராமரிப்புக் காலம் முடியும் வரை வைத்துக்கொள்கிறார்கள்.

இருபது லட்சத்தையும் ரொக்கமாக முடக்க வேண்டியதில்லை. வங்கி உத்தரவாதமாகக் கொடுக்கலாம். வங்கி ஒரு பங்கை மார்ஜினாக டெபாசிட் கேட்கும், கமிஷனும் பிடிக்கும். இரண்டும் வங்கிக்கு வங்கி மாறும். லிமிட் ஏற்கெனவே இல்லாவிட்டால் அதை வாங்குவதற்குள்ளேயே 21 நாள் தீர்ந்துவிடும் என்பதால், விலை திறந்து நீங்கள்தான் எல்-1 என்று தெரிந்ததுமே மேலாளரிடம் பேசிவிடுவது நல்லது. உத்தரவாதம் திரும்பி வருவது பெரும்பாலும் சின்னக் காரணங்களுக்குத்தான். வங்கி தன் சொந்த மாதிரியில் அடித்துக் கொடுத்திருக்கும். டெண்டரில் உள்ள மாதிரியே வார்த்தை மாறாமல் வேண்டும். வேலையின் பெயரோ கடித எண்ணோ எல்.ஓ.ஏ.யோடு பொருந்தாது. எஸ்.எஃப்.எம்.எஸ். வழியாக ரயில்வேயின் வங்கிக்குப் போக வேண்டிய உறுதிச் செய்தி போயிருக்காது. காலமும் தவறும்: பணி முடிக்கும் தேதிக்கு மேல் 60 நாள் செல்ல வேண்டும். நம் கணக்கில் அடுத்த ஜூன் 30-ஓடு முடித்துக்கொள்ளக் கூடாது, ஆகஸ்ட் 29 வரை இருக்க வேண்டும். வேலைக்கு நீட்டிப்பு வாங்கினால் உத்தரவாதத்தையும் நீட்டிக்க வேண்டும்.

இந்த உத்தரவாதம் கேட்டவுடன் வங்கி கொடுத்தாக வேண்டிய வகை. தகராறில் யார் பக்கம் நியாயம் என்று வங்கி பார்க்காது. மோசடி, ஈடுசெய்ய முடியாத அநீதி ஆகிய காரணங்கள் இருந்தாலொழிய நீதிமன்றமும் பொதுவாகத் தடுப்பதில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் மாதிரியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.