அக்காளின் மடல்

கருமலம் கண்டு அஞ்சிய திருச்சுழி மாணவி, இரும்புச்சத்து மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்தினாள். அருப்புக்கோட்டையில் செவிலியர் படிப்புப் பயிலும் அவளுடைய பெரியம்மா மகள் இவ்வாறு மடல் எழுதினாள்:

"அன்புத் தங்கைக்கு, உன் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 9.6 கிராம் என்றுள்ளது. உன் வயதில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமேனும் வேண்டும். உயிர்வளியைச் சுமக்கும் அப்புரதம் உருவாக இரும்பு தேவை. மாத்திரை தரும் இரும்பைக்கொண்டு எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை ஆக்குகிறது. அதனால் ஹீமோகுளோபின் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு கிராமே உயரும். உடல் ஏற்காத இரும்பே மலத்தைக் கருக்கச் செய்கிறது. மாத்திரையைத் தேநீரோடு உண்ணாதே. எலுமிச்சைச் சாறு நன்று. 12 கிராமைத் தொட்டபின்னும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப வேண்டும். ஆதலால் மருத்துவர் குறித்த காலம்வரை நிறுத்தாதே. ஒரு மாதத்தில் உயராவிடில், குடற்புழுவோ மிகுந்த மாதவிடாய்ப் போக்கோ காரணமா என மருத்துவரிடம் கேள்."

அன்றிரவே தங்கை மாத்திரையை மீண்டும் எடுத்தாள்.