கம்பிக் கணக்கில் கூடிய முந்நூறு கிலோ

கடை ஆய்வில் ஏட்டைவிடச் சரக்கு கூடினால் அது பில் இல்லாமல் வாங்கியது, குறைந்தால் பில் இல்லாமல் விற்றது என்ற நம்பிக்கை வணிகர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. வித்தியாசம் என்பது இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளி; ஏட்டிலிருக்கும் எண்ணைப் போலவே, அதிகாரி எண்ணி எழுதிய எண்ணும் தவறாக இருக்கலாம். ஓசூரில் ஒரு கம்பிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. கம்பி பத்து டன் எடைமேடைச் சீட்டின்படி வாங்கி, கிலோவாகவே ஏட்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஆய்வில் 967 கம்பிகள் எண்ணப்படுகின்றன. பன்னிரண்டு மீட்டர் கம்பிக்கு வாய்ப்பாட்டு எடை 10.66 கிலோ; பெருக்கினால் ஏறத்தாழ 10,300 கிலோ. முந்நூறு கிலோ கூடுதல்! ஆனால் இந்தத் தடிமனில் எடை ஐந்து சதவீதம் வரை கூடவோ குறையவோ இந்தியத் தரநிலையே இடம் தருகிறது. வந்த கம்பி மூன்று சதவீதம் இலேசானது என்றால் ஒன்றின் எடை 10.34 கிலோ. அப்போது 967 கம்பியும் சேர்ந்து அதே பத்து டன்தான்.

இப்படிப் பார்த்தால் எந்தக் கூடுதலுக்கும் சமாதானம் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. அதிகாரி முன்னிலையிலேயே ஒரு கட்டை எடைபோட வேண்டும்; எடைபோட்டதா, எண்ணிப் பெருக்கியதா என்பது மகஜரில் பதிவாக வேண்டும். கம்பி உண்மையில் 10.66 கிலோ இருந்தால் இந்த விளக்கம் அங்கேயே விழுந்துவிடும். முந்தைய நாள் வந்திறங்கி ஏட்டில் ஏறாத சரக்கு என்றால், ஆய்வுக்கு முன்பே உருவான இ-வே பில் வேண்டும். அதில் பதிவான நேரத்தைப் பின்னால் மாற்ற இயலாது என்பதால்தான் அது சான்றாகிறது.

கூடுதல் சரக்கு என்றால் பறிமுதல்தான் என்ற அச்சமும் மிகையானது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024இல் தினேஷ் குமார் பிரதீப் குமார் வழக்கில், ஆய்வில் கண்ட கூடுதல் இருப்புக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 130ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 35(6)இன்படி, நோட்டீஸ் தந்து வரி தீர்மானிக்கும் வழியிலேயே போக வேண்டும். தமிழ்நாட்டை இது கட்டுப்படுத்தாது என்றாலும் பதிலில் எடுத்துக்காட்டத் தக்கது.

குறைவுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. “சேதமாகிவிட்டது” என்று எழுதித் தப்பலாம் என்பது தவறு. 17(5)இன்படி, தொலைந்த, அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். வளைத்து வாங்க அத்திப்பள்ளிக்கு அனுப்பியது என்றால், டெலிவரி சலானோடு இ-வே பில்லும் வேண்டும். மாநில எல்லை தாண்டும் ஜாப் ஒர்க்குக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரம்பு பொருந்தாது. பத்துக் கம்பி போனாலும் இ-வே பில் உண்டு. அது இல்லாதபோது, கர்நாடகப் பட்டறையின் கடிதம் மட்டும் அதிகாரியை நம்பவைப்பது கடினம்.