ஒரு பெயர், நாலு எழுத்து: கடவுச்சீட்டுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

நம் தோட்டங்களில் பிள்ளைக்குப் பெயர் ஒன்றுதான். அதற்கு முன்னால் அப்பாவின் பெயரைச் சேர்ப்போம், அல்லது அதன் முதலெழுத்தை மட்டும் போடுவோம். செக்ரோலில் ஒரு மாதிரி, பள்ளிக்கூட இடாப்பில் ஒரு மாதிரி எழுதியிருந்தாலும் ஊருக்குள்ளே யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டுப் படிவம் ஒன்று கைக்கு வந்ததும்தான் இந்தச் சிக்கல் தெரியவரும். அங்கே இருப்பவருக்கு ஆளைத் தெரியாது, கடதாசியை மட்டுமே தெரியும்.

நம் நாட்டுப் படிவங்கள் "முழுப்பெயர்", "முதலெழுத்துக்களுடன் பெயர்", "முதலெழுத்துக்களால் குறிக்கப்படும் பெயர்கள்" என்று கேட்கும். ஆகவே கே. என்றால் என்ன, ஜீ. என்றால் என்ன என்று விளக்க இடமுண்டு. வெளிநாட்டுப் படிவத்தில் பெரும்பாலும் இரண்டே கட்டங்கள்: சர்நேம் எனும் குடும்பப் பெயர், கிவ்வன் நேம் எனும் சொந்தப் பெயர். முதலெழுத்துக்கு அங்கே இடமில்லை. நம் கடவுச்சீட்டிலும் அதேபோல் சர்நேம் ஒன்று, மற்றப் பெயர்கள் ஒன்று என்று இரண்டு வரிகள்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம்

விஜயலெட்சுமி என்று ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அப்பா முத்தையா கணேசன். பிள்ளை சாதாரண தரம் பாஸ் பண்ணி, தொழிற்பயிற்சி ஒன்றும் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. கையில் உள்ள பத்திரங்களில் பெயர் இப்படி இருக்கிறது:

பிறப்புச் சான்றிதழ், தமிழில்: விஜயலெட்சுமி. தந்தையின் பெயர்: முத்தையா கணேசன்.
அடையாள அட்டை, ஆங்கிலத்தில்: GANESAN WIJAYALETCHUMI
சாதாரண தரச் சான்றிதழ்: K. VIJAYALETCHUMI
பயிற்சிச் சான்றிதழ்: M.G. VIJAYALAKSHMI

இவை நாலும் ஒரே ஆள்தான். ஆனால் பிழை மூன்று வகை.

முதலாவது முதலெழுத்து. தமிழில் 'க' ஒன்றுதான். அதை ஒருவர் K என்று எழுதுவார், இன்னொருவர் G என்று எழுதுவார். சாதாரண தரச் சான்றிதழில் உள்ள K வேறு ஏதோ ஒரு பெயரின் முதலெழுத்து என்றுதான் வெளியாள் நினைப்பார்.

இரண்டாவது, தாத்தாவின் எழுத்து. அப்பா தன் பெயரை எம். கணேசன் என்று எழுதுவார். அதைப் பார்த்து யாரோ பிள்ளைக்கும் M.G. என்று போட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு அப்பா கணேசன், முத்தையா அல்ல. இந்த M வேறெங்கும் இல்லாதபடியால் இதுவும் வேறு ஆளின் சான்றிதழ் போலத் தெரியும்.

மூன்றாவது, சொந்தப் பெயரின் எழுத்து. 'வி' V ஆகவும் W ஆகவும் வரும். 'லெட்சுமி' LETCHUMI ஆகவும் LAKSHMI ஆகவும் வரும். பதிவைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இன்னொரு உருவமும் வரலாம்.

எதை எதற்கு ஒத்துப்போக வைப்பது?

கடவுச்சீட்டு எடுத்தபிறகு மற்ற எல்லாம் அதையே பின்பற்ற வேண்டும். விசா, விமான டிக்கட், வேலை ஒப்பந்தம், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எல்லாம் அதிலுள்ள எழுத்தின்படிதான். ஆகையால் திருத்தம் செய்ய நல்ல நேரம் கடவுச்சீட்டுக்கு முன்னால்தான்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு பத்திரத்திலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதிப் பாருங்கள். எது அதிகப் பத்திரங்களில் உள்ளதோ, எது பிறப்புச் சான்றிதழுக்கு மாறாக இல்லையோ, அதைத் தெரிவு செய்யுங்கள். விஜயலெட்சுமிக்கு V இரண்டு சான்றிதழிலும், W அடையாள அட்டையில் மட்டும். LETCHUMI இரண்டில், LAKSHMI ஒன்றில். அப்பாவின் அடையாள அட்டையில் GANESAN என்று இருக்கிறது. ஆகவே GANESAN VIJAYALETCHUMI என்று முடிவு செய்வது சரி.

இனித் திருத்தம். அடையாள அட்டையில் உள்ள W ஐ V ஆக்க, கிராம உத்தியோகத்தர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழோடு சாதாரண தரச் சான்றிதழின் பிரதியையும் காட்டலாம். சாதாரண தரத்தில் உள்ள முதலெழுத்தைத் திருத்த, படித்த பாடசாலை அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். அங்கே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பயிற்சிச் சான்றிதழை, அதைக் கொடுத்த நிலையத்திலேயே மாற்றிக் கேட்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மாற்றினால் பிறகு திரும்பவும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

சத்தியக் கடதாசி போதுமா?

"ஜே.பி. ஐயாகிட்ட ஒரு சத்தியக் கடதாசி வாங்கினா சரிதானே?" என்று பலர் கேட்பதுண்டு. "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன் சத்தியம் செய்து கொடுக்கும் கடதாசி அது. சிறு எழுத்து வித்தியாசத்தை விளக்க உதவும். ஆனால் சான்றிதழில் உள்ள பெயரை அது மாற்றாது. அதை ஏற்பதும் ஏற்காததும் எதிர்ப்பக்கத்து அலுவலகத்தின் விருப்பம். ஆகவே திருத்த முடியாதவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் ஆக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் ஆங்கில எழுத்து தெரியாது. அவர் காதில் விழுகிறபடி எழுதிவிடுவார். அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்து, "இந்த எழுத்துப்படியே போடுங்கள்" என்று சொல்லுங்கள். கையெழுத்து வைக்கும் முன் வாசித்துப் பாருங்கள்.

படிவம் நிரப்பும்போது

கடவுச்சீட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். படப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் முதலாவதில் பெயர் இப்படி இருக்கும்:

GANESAN<<VIJAYALETCHUMI

இரட்டைக் குறிக்கு முன் உள்ளது சர்நேம், பின் உள்ளது சொந்தப் பெயர். விமான நிலையத்து இயந்திரம் வாசிப்பது இதைத்தான். சர்நேம் கட்டத்தில் GANESAN, சொந்தப் பெயர் கட்டத்தில் VIJAYALETCHUMI என்று எழுத வேண்டும். "நம்ம பெயர்தானே முதலில் வரணும்" என்று மாற்றிப் போடக்கூடாது. முதலெழுத்து எழுதக்கூடாது. திருமணமான பெண்கள், கடவுச்சீட்டில் கணவர் பெயர் இல்லாவிட்டால், படிவத்தில் அதைச் சேர்க்கக்கூடாது.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும் இருப்பதால் கடவுச்சீட்டையும் ஒரே பெயரில் எடுத்துவிடுவோர் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அமெரிக்க விசாப் படிவத்தில், ஒரே பெயர் உள்ளவர் அதைச் சர்நேம் கட்டத்தில் எழுதிவிட்டு, மற்றக் கட்டத்தில் FNU என்று போட வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே அப்பாவின் பெயரைச் சர்நேம் ஆகச் சேர்க்க முடியுமா என்று கடவுச்சீட்டுக் கந்தோரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஜன்ட் நிரப்பித் தருகிறேன் என்றாலும், கையெழுத்துப் போடும் முன் கடவுச்சீட்டோடு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒத்துப் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லலாம்.