இஸ்திரிக் கணக்கு

கேள்வி: விடுதி மாணவர்களின் துணியை வாங்கிப்போய் இஸ்திரி போட்டுத் தருவதுதான் எங்கள் தொழில் யோசனை. வகுப்பில் ஒரு பக்கத் திட்டம் கேட்கிறார்கள். என்ன எழுதலாம்?

பதில்: 'தரமான சேவை' என்று தொடங்காதீர்கள், எந்தக் கடையும் அதைச் சொல்லும். 'காலையில் அறைவாசலில் தந்த சட்டை அன்று மாலையே திரும்பும்' என்று எழுதுங்கள்.

வருமானத்தை ஒரு துணிக்குப் பாருங்கள். மாணவரிடம் 13 ரூபாய், இஸ்திரிக்காரருக்கு 10, மிச்சம் 3. துணி சுமப்பவருக்கு நாள்கூலி 300 என்றால், தினம் 100 துணி வந்தால்தான் கைக்காசு கரையாது. ஒருவர் வாரம் 4 துணி தருவார், வேலை ஆறு நாள் என்றால் 150 பேர் வேண்டும். விடுதியில் இருப்பதே 120 பேரா? வாரம் மூன்று நாள் மட்டும் எடுங்கள். 75 பேர் போதும். ஆனால் முதல் வாக்கியத்தில் அந்தக் கிழமைகளையும் சேர்த்துவிடுங்கள்.