நான்கு மதிப்பெண்ணும் ஒரு தேயிலைக் கணக்கும்

நான்கு மதிப்பெண்ணில் என் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு போனது. அந்த நான்கும் ஒரே ஓர் அட்டவணையில் போயின. அடுத்த முறை தேறிவிட்டேன். ஆனாலும் அந்த அட்டவணையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இதைப் படிக்கும் நீங்களும் என்னைப் போல எம்.ஏ. முடித்துச் சில வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தவராக இருப்பீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பிள்ளை விழிப்பதற்குள் இரண்டு பக்கம், குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகும் பஸ்ஸில் இரண்டு பக்கம் என்று படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பம், பழைய வினாத்தாள், கால அட்டவணை இதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அந்த ஓர் அட்டவணைக்கு வருகிறேன்.

இரண்டு நாடு, இரண்டு பண்டம். இந்தியாவில் ஒரு கிலோ தேயிலையின் வாய்ப்புச் செலவு 4 மீட்டர் துணி, இலங்கையில் 2 மீட்டர் துணி. அடுத்த வரியில், ஒரு மீட்டர் துணியின் வாய்ப்புச் செலவு இந்தியாவில் 0.25 கிலோ தேயிலை, இலங்கையில் 0.5 கிலோ. எண்கள் கேள்வி தயாரித்தவரின் கற்பனைதான். இதன் கீழே ஐந்து கேள்விகள், கேள்விக்கு இரண்டு மதிப்பெண்.

நான் பார்த்தவுடன் 4 பெரியது, 2 சிறியது, ஆகவே தேயிலையில் இந்தியாவுக்கு ஒப்பீட்டு நன்மை என்று குறித்தேன். துணியில் 0.5 பெரியது, ஆகவே இலங்கை. இரண்டும் தலைகீழ். அது உற்பத்தி அட்டவணை அல்ல, செலவு அட்டவணை. ஒரு கிலோ தேயிலைக்காக இந்தியா 4 மீட்டர் துணியைக் கைவிட வேண்டும், இலங்கை 2 மீட்டரைத்தான் கைவிட வேண்டும். குறைவாகக் கைவிடுபவருக்கே ஒப்பீட்டு நன்மை. தேயிலை இலங்கைக்கு, துணி இந்தியாவுக்கு.

இதைக் கவனக்குறைவு என்று என் நாத்தனார் சொன்னார். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு படித்தால் இப்படித்தான் ஆகும் என்றார். அது கவனக்குறைவு இல்லை. நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் எட்டு மாதமும் ஒரே வகை அட்டவணையைத்தான் போட்டார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு செய்கிறார் என்னும் உற்பத்தி அட்டவணை. அதில் பெரிய எண் நல்லது. கை அதற்குப் பழகிவிட்டது. வேறு வகை அட்டவணைகளும் உண்டு என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் பிறகுதான் கண்டுபிடித்தேன். வாய்ப்புச் செலவு அட்டவணையைத் தலைகீழாகப் படித்தாலும் உள்ளே எதுவும் முரண்படாது. ஒவ்வொரு நாட்டின் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று தலைகீழ் எண்கள்: 4-ம் 0.25-ம், 2-ம் 0.5-ம். பெருக்கினால் 1 வரும். அதனால் ஒரு பண்டத்தில் ஒரு நாட்டின் எண் பெரிதாக இருந்தால் மறு பண்டத்தில் அதன் எண் சிறிதாகத்தான் இருக்கும். தவறாகப் படித்தாலும் ஆளுக்கு ஒரு பண்டம் என்று அழகாகப் பிரிந்துவிடும். சந்தேகமே வராது. எனக்கும் வரவில்லை.

ஆனால் அதே குணத்தை வைத்துத்தான் அட்டவணையின் வகையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாட்டின் இரு எண்களையும் பெருக்குங்கள். 1 வந்து, மறு நாட்டுக்கும் 1 வந்தால் அது வாய்ப்புச் செலவு அட்டவணை. ஒரே நாட்டுக்கு இரண்டு பண்டத்திலும் சிறிய எண் இருந்தால், அது ஒருபோதும் வாய்ப்புச் செலவு அட்டவணையாக இருக்க முடியாது. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் எழுதிய புத்தகத்தில் கொடுத்த எண்களைப் பாருங்கள். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஒரு வருட உழைப்பு, திராட்சை மதுவுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90 பேர், மதுவுக்கு 80 பேர். போர்ச்சுகல் இரண்டிலும் சிறியது. ஆகவே இது வாய்ப்புச் செலவு அட்டவணை அல்ல, உழைப்பு அட்டவணை. இதை வாய்ப்புச் செலவாக மாற்ற, மதுவுக்கான ஆட்களைத் துணிக்கான ஆட்களால் வகுக்க வேண்டும். இங்கிலாந்தில் ஓர் அளவு மதுவின் விலை 1.2 அளவு துணி, போர்ச்சுகலில் ஏறக்குறைய 0.89. மது போர்ச்சுகலுக்கு. துணியையும் குறைந்த ஆட்களைக் கொண்டே செய்யக்கூடிய போர்ச்சுகல், அதை இங்கிலாந்திடம் விட்டுவிடுவதில் லாபம் பார்க்கிறது. உற்பத்தி அட்டவணையாக இருந்தால் வகுத்தலைத் திருப்பிப் போட வேண்டும். அதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் போதும், மறக்காது.

தேர்வறைக்குத் திரும்புகிறேன். மூன்றாவது கேள்வி வாணிப வீதம். ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை மீட்டர் துணி என்றால் இரு நாடும் ஒப்புக்கொள்ளும்? விடைகளாக 1.5, 2.6, 4.5, 5 என்று கொடுத்திருந்தார்கள். நான் 3-ஐத் தேடினேன். 2-க்கும் 4-க்கும் நடுவில் இருப்பது 3, வாணிப வீதம் எப்போதும் நடுவில்தான் அமையும் என்று மையத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 3 இல்லை. பதறிப்போய் 4.5-ஐக் குறித்தேன்.

நடுப்புள்ளி என்பது பொய். அட்டவணை இரண்டு வரம்புகளைத்தான் தருகிறது. இந்தியா வீட்டிலேயே 4 மீட்டர் துணியை விட்டால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும், அதனால் 4-க்கு மேல் கொடுக்காது. இலங்கை வீட்டிலேயே ஒரு கிலோ தேயிலையை விட்டால் 2 மீட்டர் துணி நெய்துகொள்ளும், அதனால் 2-க்குக் கீழே வாங்காது. இடையில் எதுவும் நடக்கலாம். 2.6 சரியான விடை. அந்த வீதத்தில் இந்தியாவுக்குக் கிலோவுக்கு 1.4 மீட்டர் மிச்சம், இலங்கைக்கு 0.6 மீட்டர் கூடுதல். ஆதாயம் சமமாக இல்லை என்பதற்காக வீதம் தவறாகிவிடாது.

இடையில் எங்கே நிற்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? ஒருவர் பண்டத்தின் மேல் மற்றவருக்கு இருக்கும் தேவையின் வலு. ஜான் ஸ்டூவர்ட் மில் விளக்கியது அதைத்தான். நம் பக்கத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் போட்டன. வருடத்துக்கு 50,000 டன் ரப்பர் சீனாவுக்கு, 2,70,000 டன் அரிசி இலங்கைக்கு, ஐந்து வருடத்துக்கு. அளவை மட்டும் வகுத்தால் ஒரு டன் ரப்பருக்கு 5.4 டன் அரிசி. விலைகளைத் தனியாகப் பேசினார்கள் என்பதால் இதை அப்படியே பண்டமாற்று வீதம் என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் ரப்பருக்கு உலகச் சந்தையைவிட அதிக விலையை இலங்கை பெற்றது உண்மை. கொரியப் போரின்போது சீனாவுக்கு ரப்பர் விற்பதற்குத் தடை இருந்தது, சீனாவுக்கோ ரப்பர் கட்டாயம் தேவை. இலங்கையும் அரிசிக்குத் திண்டாடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் சீனாவின் அவசரம் பெரிது, வீதம் இலங்கைக்குச் சாதகமாக நகர்ந்தது. எந்த நடுப்புள்ளியும் அங்கே வேலை செய்யவில்லை.

நான்காவது கேள்விதான் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டியது. கிலோவுக்கு 2.5 மீட்டர் என்னும் வீதத்தில் இந்தியாவின் ஆதாயம் என்ன? இந்தியா தேயிலை விற்கிறது என்றல்லவா நான் வைத்திருந்தேன்? 2.5 வாங்கி 4 இழந்தால் மைனஸ் 1.5. வியாபாரத்துக்குப் போன நாடு நட்டத்தோடு திரும்புகிறது. அந்த மைனஸைப் பார்த்தபோது முதல் இரண்டு விடைகளுக்கும் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. விடைகளில் 1.5 இருந்தது, குறியை விட்டுவிட்டு அதைக் குறித்தேன். தப்பான வழியில் சரியான விடை, அந்த இரண்டு மதிப்பெண் மட்டும் வந்தது. இரு நாடுகளின் ஆதாயத்தையும் போட்டுப் பார்த்து, ஒன்றேனும் மைனஸாக வந்தால், ஏற்றுமதி இறக்குமதியைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள், அல்லது வீதம் வரம்புக்கு வெளியே இருக்கிறது. வேறு காரணமே இல்லை. தேர்வில் முப்பது விநாடி ஆகும். அந்த முப்பது விநாடியை நான் செலவு செய்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஐந்தாவது கேள்வி, யாருக்கு முழுமையான நன்மை? இந்தியா என்று எழுதினேன். இந்த அட்டவணையை வைத்து அதைச் சொல்லவே முடியாது. எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று எதுவும் அதில் இல்லை. "கண்டறிய இயலாது" என்ற விடை நான்காவதாக இருந்தது, அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று தாண்டிவிட்டேன்.

இப்போது வீட்டிலேயே ப்ளஸ் டூ, பி.ஏ. பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்தில் அவர்களிடம் அனகாபுத்தூரையும் சொல்கிறேன், அது நான் பிறந்த ஊர். அங்கே நெய்த கட்டம் போட்ட 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' துணி நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் அதைத்தான் நெய்தார். அந்தச் சந்தை போனபோது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அட்டவணையில் துணியை விட்டால் மறுநிமிடம் தேயிலை வந்துவிடும். "நூல் புடிச்ச கைக்கு வேற என்னம்மா தெரியும்?" என்று அப்பா கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு தொழிலில் இருக்கும் ஆள் செலவில்லாமல் அடுத்த தொழிலுக்குப் போய்விடுவார் என்பது அட்டவணை சொல்லாமல் வைத்துக்கொள்ளும் அனுமானம். விரிவான விடை எழுதும் தேர்வானால் இதைக் கட்டாயம் எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.

பாடம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உற்பத்தி, உழைப்பு, வாய்ப்புச் செலவு, இந்த மூன்று அட்டவணையையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். வாணிப வீதம் நடுவில் அமையும் என்று மட்டும் இனி எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள்.