எட்டு வாரமும் எட்டு ஞாயிறும்: ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கான ஓர் அட்டவணை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவியர் பலர் ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகின்றனர். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே நான் எட்டு வாரங்களில் தயாரான முறையை, இதனை எழுதவிருக்கும் தங்கைகளுக்காகவும் அவர்களது பெற்றோருக்காகவும் இங்கே தருகிறேன்.

இப்பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 9 வரை புள்ளி வழங்கப்படும். நான்கின் சராசரியே மொத்தப் புள்ளி. சித்தி, தோல்வி என்று எதுவுமில்லை. எவ்வளவு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். பல இடங்களில் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பகுதியும் 6இற்குக் குறையக்கூடாது என்று கேட்பார்கள். இதில் இரண்டாவது நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்.

முதல் வாரத்தில் நாளுக்கொரு பகுதியாக மாதிரி வினாத்தாள் செய்து அளந்து பார்த்தேன். கேட்டல் 7, வாசித்தல் 6, எழுதுதல் 5.5, பேசுதல் 6.5. எழுதுதலையும் பேசுதலையும் எனக்குக் கற்பித்த ஆசிரியை மதிப்பிட்டார். கூட்டினால் 25, சராசரி 6.25. சராசரி .25இல் முடிந்தால் அடுத்த அரைப் புள்ளிக்கு உயர்த்துவார்கள். ஆகவே மொத்தம் 6.5 ஆகிவிடுகிறது. ஆனாலும் எழுதுதல் 5.5 ஆக இருப்பதால் விண்ணப்பம் நிற்காது. எனவே அட்டவணையை மிகக் குறைந்த பகுதியைச் சுற்றியே அமைத்தேன்.

இரண்டாம், நான்காம், ஆறாம் வாரங்களின் சனிக்கிழமைகளை எழுதுதலுக்கும், மூன்றாம் வாரத்தை வாசித்தலுக்கும், ஐந்தாம் வாரத்தைக் கேட்டலுக்கும் ஒதுக்கினேன். சனி காலை ஒரே ஒரு பகுதி; கடிகாரம் வைத்து, இடையில் எழும்பாமல் செய்ய வேண்டும். ஞாயிறு மீட்டல் நாள். அன்று புதிய வினாத்தாள் எதையும் திறப்பதில்லை. வார நாட்களில் ஞாயிறு காட்டிக்கொடுத்த குறைக்கு மட்டும் நாற்பது நிமிடப் பயிற்சி. வெள்ளி மாலைகளில் கொட்டாஞ்சேனையிலுள்ள சாச்சியின் மகளோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசி, அதைப் பதிவு செய்து கேட்போம்.

மீட்டல் என்பது விடைகளைச் சரிபார்ப்பதோடு முடிவதில்லை. மூன்றாம் வாரம் வாசித்தலில் 40 வினாக்களில் 24 சரியாகின. எவை பிழை என்று மட்டும் குறித்துக்கொண்டு, சரியான விடைகளை மூடிவைத்துவிட்டு, அந்த 16 வினாக்களையும் நேரக் கட்டுப்பாடின்றி மீண்டும் செய்தேன். 9 சரிவந்தன. அந்த ஒன்பதுக்கும் காரணம் நேரமே. முதற் பந்திக்கே 27 நிமிடம் போயிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து மூன்று பந்திகளுக்கும் 17, 20, 23 நிமிடங்கள் எனப் பிரித்துக்கொண்டேன். வாசித்தலில் ஏறத்தாழ 30 சரியான விடைகள் 7 புள்ளியைத் தரும். ஆகவே நேரத்தைச் சீராக்கினாலே அது கைக்கெட்டும்.

மீண்டும் செய்தும் பிழைத்த 7இல் ஐந்து, ‘நொட் கிவன்’ வகை வினாக்கள். இதற்கோர் உதாரணம். ‘1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முன் பெரும்பாலான கப்பல்கள் காலிக்கே சென்றன’ என்று பந்தி சொல்வதாகக் கொள்வோம். ‘1875இற்கு முன் கப்பல்கள் பெரும்பாலும் கொழும்பையே நாடின’ என்ற கூற்றைப் பந்தி மறுக்கிறது, அது பிழை. ‘சுவர் கட்டியபின் காலித் துறைமுகம் மூடப்பட்டது’ என்பதைப் பந்தி மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை; அதுவே ‘நொட் கிவன்’. மறுக்கும் வாக்கியத்தை விரலால் தொட்டுக் காட்ட முடியாவிட்டால் ‘பிழை’ என்று எழுதாதீர்கள்.

எழுதுதலுக்கு ஒரு மணி நேரம். முதல் வினாவுக்கு 150 சொற்களும் இரண்டாவதற்கு 250 சொற்களும் குறையாமல் எழுத வேண்டும். இரண்டாவதன் பெறுமதி இரு மடங்கு என்பதால் 40 நிமிடத்தை அதற்கே வைத்தேன். நம் எழுத்தை நாமே மதிப்பிடுவது நம்பத்தக்கதல்ல; ஓர் ஆசிரியையின் கண் வேண்டும். அவர் குறித்துத் தந்த அதே கட்டுரையைப் புதன்கிழமை திரும்ப எழுதினேன். புதிய தலைப்புகளில் பல கட்டுரைகள் எழுதுவதைவிட, ஒன்றையே திருத்தி எழுதும்போதுதான் திரும்பத் திரும்ப வரும் பிழை தெரிந்தது. என் கட்டுரையில் கருத்து இருக்கும், அதை விளக்கும் உதாரணம் இராது.

ஏழாம் வாரச் சனியன்று கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றையும் ஒரே அமர்வில் செய்தேன். எட்டாம் வாரச் சனியன்றும் அவ்வாறே செய்து, ஞாயிறு மீட்டலோடு அட்டவணையை முடித்தேன்.

பெற்றோருக்கு ஒன்று. கட்டணம் சிறிதல்ல; பெறுபேறும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். பிள்ளை சேரவிருக்கும் ஆண்டைக் கணக்கிட்டு, அடுத்தடுத்த இரண்டு மாதிரிப் பரீட்சைகளில் மிகக் குறைந்த பகுதியும் தேவையான புள்ளியைத் தொட்ட பின்னரே பரீட்சைத் திகதியைப் பதிவு செய்யுங்கள். எனக்கு அது ஆறாம் வார எழுதுதலிலும் ஏழாம் வார அமர்விலும் கிடைத்தது, பதிவும் அதன்பின்தான்.