பெயர்களுக்குப் பயந்து மூடி வைக்காதே

அன்புள்ள பாப்பா,

'போரும் வாழ்வும்' நாவலை இரண்டாம் பாகத்தோடு மூடி வைத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். பெயர்கள் குழம்புகின்றனவாம். உன் அப்பாவும் சட்டப் படிப்பைப் பாதியில்தான் விட்டான். அதை நான் இப்போது கிளறப்போவதில்லை.

ஒரு நோட்டில் நடுப்பக்கத்தை விரித்து, ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெசூகவ், குராகின், துருபெத்ஸ்கோய் என்று ஐந்து குடும்பங்களுக்கும் ஐந்து வட்டம் போடு. பென்சிலால் போடு, அழிக்க வேண்டி வரும். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அவருடைய செல்லப் பெயரையும் தந்தைப் பெயரையும் எழுது. ரஷ்யர்களின் தந்தைப் பெயர் நம் இனிஷியல் மாதிரி. நிக்கோலாய் இல்யிச் என்றால் இல்யாவின் மகன், ரஸ்தோவ் வீட்டுப் பையன். நிக்கோலாய் அந்த்ரேயெவிச் என்றால் பல்கோன்ஸ்கி வீட்டுக் கிழவர். அவருடைய பேரனுக்கும் அதே பெயர், அதே தந்தைப் பெயர் என்பதால் அங்கே மட்டும் எந்த வருஷத்துக் கதை என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். ஒரே ஒரு முறை வரும் சேவகனையும் தளபதியையும் படத்தில் ஏற்றாதே. இரண்டாம் முறை வந்தால் ஏற்று.

அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வரி எழுது. முதல் அத்தியாயத்துக்கு "1805 ஜூலை, அன்னா பாவ்லவ்னா வீட்டு விருந்து, நெப்போலியன் பேச்சு" என்று எழுதினால் பிறகு எதற்கும் உதவாது. "வசீலி குராகினின் மகன் அனத்தோலுக்கு மரியா பல்கோன்ஸ்காயாவை முடிக்கலாம் என்கிறாள் அன்னா" என்று எழுதி, பக்க எண்ணும் கேள்விக்குறியும் போட்டு, படத்தில் இரண்டு வட்டங்களுக்கும் நடுவே புள்ளிக்கோடு இழு. முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில் அப்பனும் மகனும் பெண் பார்க்க வந்தார்களே, அங்கே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இரண்டாம் பாகத்தின் முடிவில் அதே அனத்தோல், மரியாவின் அண்ணன் அந்த்ரேய்க்கு நிச்சயமான நத்தாஷாவிடம் வருகிறான். அனத்தோலிடமிருந்து இப்போது இரண்டு வீடுகளுக்குக் கோடு போகும். அந்த ஆள் எங்கெல்லாம் கை வைத்திருக்கிறான் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இரண்டு வரிக்கு மேல் எழுதாதே. நீளமாக எழுதுகிறவர்கள் பத்தாவது அத்தியாயத்தில் நோட்டை விட்டுவிடுகிறார்கள். போர் அத்தியாயங்களில் நம் ஆட்களில் யார் களத்தில் இருக்கிறார்கள் என்பது மட்டும் போதும்.

போனில் ஆயத்தமாகக் கிடைக்கும் வம்சப் படத்தைப் பார்ப்பதா, கையால் போடுவதா என்பது உன் இஷ்டம். ஆனால் அதைப் பார்த்தால் யார் யாரைக் கட்டுகிறார்கள், யார் சாகிறார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எனக்கு அப்படி ஒரு நாவல் பாழாய்ப் போனது; பதிப்பாளர் முன்பக்கத்திலேயே எல்லா முடிச்சையும் அவிழ்த்து அச்சடித்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதிகம் சொல்லிவிட்டேனோ, கண்ணு? உனக்கு எங்கள் எல்லோரையும்விடப் பொறுமை உண்டு. நீ முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அத்தைக்கு நீதான் செல்லம். மூன்றாம் பாகத்தைத் தொட்டதும் உன் படத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அத்தை